மண் மாதிரி எடுத்த அதே இடத்துக்கு மறுபடியும் போவது எப்படி?

மானாவாரி நிலத்தில் கரிமச்சத்து கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்க, இன்று மண் எடுத்த இடத்திலேயே நாலைந்து வருடம் கழித்தும் எடுக்க வேண்டும். வேப்பமரத்தடி மண்ணும் அதிலிருந்து பத்து எட்டு தள்ளி வெட்டவெளியில் இருக்கும் மண்ணும் ஒன்றல்ல. இடம் நகர்ந்துவிட்டால், கண்ட வித்தியாசம் காலத்தால் வந்ததா இடத்தால் வந்ததா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அடுத்த முறை போகப்போவது நீங்களாகவே இருப்பீர்கள் என்பதும் நிச்சயமில்லை. அதனால் குறிப்பை முன்பின் தெரியாத ஒருவருக்காக எழுத வேண்டும்.

மண்ணை எப்படி வெட்டுவது, பைக்கு எப்படி லேபிள் ஒட்டுவது என்பதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். இங்கே இடத்தைப் பற்றி மட்டும்.

1. போனில் புள்ளி எடுப்பது

ஆண்ட்ராய்டில் நான் பயன்படுத்துவது `SW Maps`. இலவசம், இணையம் இல்லாமலும் ஓடும், துல்லியத்தையும் மீட்டரில் காட்டும். பலர் சேர்ந்து ஒரே படிவத்தை நிரப்புவதாக இருந்தால் `ODK Collect` நல்லது. படத்தின் மேல் ஆயங்களை அச்சடித்துத் தரும் கேமரா செயலிகள் எனக்குப் பிடிக்காது. அதிலிருக்கும் எண்களைக் கண்ணால் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும், அங்கேதான் 3 என்பது 8 ஆகிவிடும்.

செயலியைத் திறந்ததும் வரும் எண்ணை எடுக்காதீர்கள். திறந்த வெளியில் இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் நின்றால் துல்லியம் 4, 5 மீட்டருக்கு இறங்கும். அதற்கப்புறம் சேமியுங்கள். ஆண்ட்ராய்டு 4 மீட்டர் என்று காட்டினால், உண்மையான இடம் அந்த 4 மீட்டர் வட்டத்துக்குள் இருக்க 68 சதவீத வாய்ப்பு என்றுதான் அர்த்தம். மூன்றில் ஒரு தடவை வட்டத்துக்கு வெளியேதான் இருக்கும். அங்கேயே நின்று ஒரு நிமிடம் சராசரி எடுத்தாலும் பெரிதாக லாபமில்லை. ஜிபிஎஸ் பிழை மெதுவாக நகர்வது என்பதால் அந்த ஒரு நிமிடம் முழுக்க ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டிருக்கும். பக்கத்து வயல் வேலையை முடித்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து வந்து இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்பது நிஜமான பிழையை ஓரளவு காட்டிவிடும்.

2. எண்ணை எழுதும் விதம்

எனக்குப் பாதி நாளைத் தின்ற இடம் இதுதான். புதுக்கோட்டை மாவட்டத்தில் குடுமியான்மலைப் பக்கம் ஒரு பழைய மாதிரிப் பட்டியல் கைக்கு வந்தது. அட்சரேகை `10.2445` என்று இருந்தது. வரைபடத்தில் போட்டால் போக வேண்டிய ஊருக்குத் தெற்கே எங்கோ காட்டியது. பட்டியலில் இருந்த ஊர்ப்பெயரை வைத்து யோசித்தபோதுதான் புரிந்தது: எழுதியவர் 10 பாகை 24 நிமிடம் 45 விநாடியைத்தான் அப்படிப் புள்ளி வைத்துச் சுருக்கியிருக்கிறார்.

பாகையில் 60 நிமிடம், நிமிடத்தில் 60 விநாடி. ஆகவே மாற்றும் கணக்கு இப்படி:

```
10°24'45"
= 10 + 24/60 + 45/3600
= 10.41250
```

10.2445க்கும் 10.41250க்கும் நடுவே சுமார் 18.6 கிலோமீட்டர். இந்தக் குழப்பமே வராமலிருக்க, எல்லாவற்றையும் தசமப் பாகையில், ஐந்து தசம இடத்தோடு எழுதுங்கள். ஐந்தாவது இடம் என்பது தரையில் ஏறக்குறைய ஒரு மீட்டர். நான்கோடு நிறுத்தினால் ஒரு படி 11 மீட்டர் ஆகிவிடும். ஏழு, எட்டு இடம் எழுதுவதும் வீண், போனுக்கு அந்தத் துல்லியம் கிடையாது.

எக்செலில் ஏற்றும்போது இன்னொரு தொல்லை. கலத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் 10.41264, 11.41264, 12.41264 என்று தானாகக் கூட்டிக்கொண்டு போகக்கூடும். மூன்றாவது வரிக்குள் தமிழ்நாட்டின் வட பக்கம் போய்விடுவீர்கள். அட்சரேகை, தீர்க்கரேகைப் பத்திகளை இழுத்து நிரப்பாதீர்கள், ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாக ஒட்டுங்கள்.

3. டேப் பிடிப்பது

ஆயங்கள் உங்களை வயல்வரைக்கும் கொண்டுபோய் விடும். சரியான அடியில் நிறுத்துவது டேப்தான். முப்பது மீட்டர் டேப் போதும்.

அசையாத இரண்டு பொருள்களைத் தேர்ந்தெடுங்கள். கிணற்றுச் சுவரின் மூலை, வாய்க்கால் மதகு, சிறுபாலத்தின் முனை எல்லாம் நல்லவை. சர்வே கல் கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் வரப்பு வெட்டும்போது அது இடம் மாறுவதும் உண்டு. பனைமரத்தை மட்டும் நம்பாதீர்கள், அடுத்த தடவைக்குள் வெட்டியிருப்பார்கள். தரையில் முளை அடித்தாலும் உழவில் போய்விடும்.

இரண்டிலிருந்தும் மாதிரிக் குழியின் நடுவுக்கு அளவெடுங்கள். குழியில் நின்று பார்த்தால் அந்த இரண்டு பொருளும் ஏறக்குறைய செங்கோணத்தில் தெரிய வேண்டும். மூன்றும் ஒரே நேர்கோட்டில் விழுந்தால், டேப் சிறிது தளர்ந்தாலே புள்ளி பக்கவாட்டில் மீட்டர் கணக்கில் ஓடிவிடும். இரண்டு தூரங்களும் பொருந்தும் இடம் கோட்டின் இருபுறமும் ஒன்றாக இரண்டு இருக்கும், எனவே எந்தப் பக்கம் என்றும் எழுத வேண்டும். கூடவே அந்த இரண்டு பொருளுக்கும் நடுவே உள்ள தூரத்தையும் அளந்துவிடுங்கள். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். பின்னால் வருகிறவர் முதலில் இதைத்தான் சரிபார்க்க வேண்டும். அந்த அளவே மாறியிருந்தால், ஒரு பொருள் நகர்ந்துவிட்டது என்று தெரிந்துகொள்வார்.

```
குறி: KM-07
10.41264 N, 78.65817 E, WGS84, ±4 மீ
கிணற்று வ.கி. மூலையிலிருந்து: 17.2 மீ
மதகின் தெற்கு முனையிலிருந்து: 22.8 மீ
கிணறு - மதகு: 28.6 மீ
புள்ளி: கிணறு-மதகு கோட்டுக்குத் தெற்கே
ஆழம்: 0-15 செ.மீ.
இம்முறை குழி: நடுவிலேயே
```

கடைசி வரி எதற்கு? ஒருமுறை தோண்டி மூடிய குழியில் மேல்மண்ணும் அடிமண்ணும் கலந்திருக்கும், அதே குழியில் மறுபடி எடுத்தால் கணக்குத் தவறும். அடுத்த முறை நடுப்புள்ளியிலிருந்து ஒரு மீட்டர் வடக்கே, அதற்கடுத்து ஒரு மீட்டர் கிழக்கே என்று தள்ளி எடுங்கள். எடுத்ததைக் குறிப்பில் சேருங்கள்.

4. படம்

ஐரோப்பிய ஒன்றியத்தின் லூகாஸ் நில ஆய்வில் புள்ளியை ஒரு படமும், அங்கிருந்து நான்கு திசைகளையும் எடுக்கிறார்கள். அதையே பின்பற்றலாம். ஒவ்வொரு படத்திலும் குறியும் திசையும் எழுதிய அட்டை ஒன்று தெரியட்டும். தொடுவானம் படத்துக்குள் வர வேண்டும். தரையை மட்டும் எடுத்தால் எல்லா வயலும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

பின்சேர்க்கை: ஐபோன் வைத்திருக்கும் வாசகர் ஒருவர், திசைகாட்டி செயலியில் வரும் எண்ணையே எழுதலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம். அது முழு விநாடிகளாகத்தான் காட்டும், ஒரு விநாடி என்பது சுமார் 30 மீட்டர். தசமப் பாகை காட்டும் வேறு செயலியில் எடுங்கள்.

இன்னொன்று: வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அதற்குள் இருக்கும் இடத் தகவல் அழிந்துவிடும் என்று கருத்துப் பகுதியில் ஒருவர் சொன்னார். உண்மைதான். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள், தகவல் அப்படியே போய்ச் சேரும்.