இழுப்பறையை நாமே செய்வதா, வெளியில் வாங்குவதா: கணக்கில் நேரும் தவறுகள்

அலமாரி செய்யும் ஒரு பட்டறை, ஆண்டுக்கு 2,000 இழுப்பறைகளைத் தானே செய்துகொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். செலவு ஏட்டின்படி ஒவ்வொன்றுக்கும் மரமும் ஒட்டுப்பலகையும் 220, துண்டுக் கணக்கில் தரும் கூலி 130, பசை, மின்சாரம் போன்றவை 50, நிலையான செலவில் விழும் பங்கு 140, ஆக 540. வெளியாள் ஒருவர் 460-க்குத் தருவதாகச் சொல்கிறார்.

இந்த இடத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். துண்டுக்கு 80 மிச்சம் என்று தோன்றினாலும், வாங்கத் தொடங்கியதும் அந்த 140 முழுவதும் மறைந்துவிடாது. கட்டட வாடகையும் இயந்திரத் தேய்மானமும் மேலாளர் சம்பளமும் தொடரும். இழுப்பறைப் பிரிவுக்கென்றே வைத்திருந்த மேற்பார்வையாளரின் சம்பளம், அதாவது துண்டுக்கு 20 மட்டுமே குறையும். எனவே நாமே செய்வதை நிறுத்தினால் உண்மையில் தவிர்க்கக்கூடிய செலவு 420 தான். வாங்கும் விலையுடன் வண்டிக்கூலியும் சரிபார்ப்புச் செலவுமாக 15 சேர்த்தால் 475 ஆகிறது. மிச்சம் என்று நினைத்த இடத்தில் ஆண்டுக்கு 1,10,000 கூடுதல் செலவு வருகிறது.

கூலியையும் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கக் கூடாது. அதே தச்சர்கள் மாதச் சம்பளக்காரர்களாக இருந்து, வேலை குறைந்தாலும் பட்டறையிலேயே இருப்பார்கள் என்றால் அந்த 130-உம் மிச்சமாகாது. ஒப்பிட வேண்டிய எண் 290 ஆகிவிடும்.

எதிர்த்திசையிலும் ஒரு தவறு உண்டு. இழுப்பறை வேலை போனால் காலியாகும் இயந்திர நேரத்தில், இப்போது நேரமில்லாமல் மறுக்கும் மேசை ஆர்டர்களைச் செய்து, அவற்றுக்கே உரிய செலவுகள் போக 1,50,000 ஈட்ட முடியும் என்றால், முதலில் கண்ட 1,10,000 கூடுதல் செலவு போக வாங்குவதே 40,000 லாபம். ஆனால் அந்த ஆர்டர்கள் கையில் இருக்க வேண்டும். வரும் என்ற எதிர்பார்ப்பை இந்த எண்ணாக எழுதக் கூடாது.

எண்கள் இவ்வளவு நெருக்கமாக இருக்கும்போது, எண்ணில் அடங்காதவையே முடிவைத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இழுப்பறைக்கும் அதன் கூட்டுக்கும் நடுவில் விடும் இடைவெளி ஓரிரு மில்லிமீட்டர்தான். சரியாக உலராத மரத்தில் செய்த இழுப்பறை, வந்த அன்று அழகாகப் பொருந்திவிட்டு, சில வாரங்களில் சுருங்கி ஆடத் தொடங்கும். மிகையாக உலர்ந்த மரமோ ஈரக்காற்றில் உப்பி இறுகும். குறை சொல்லும் வாடிக்கையாளர் நம் பெயரைத்தான் சொல்வார். கைப்பழக்கம் உள்ள தச்சரை ஒருமுறை இழந்துவிட்டால், வெளியாள் விலையை உயர்த்தும் நாளில் திரும்பிச் செய்யவும் ஆளிருக்காது.

ஆகவே ஒப்பந்தம் எழுதுவதற்கு முன் ஒரு சிறு தொகுதியை மட்டும் வாங்கி, ஈரப்பத மானியால் அளந்து குறித்துக்கொண்டு, அலமாரிகளில் பொருத்திச் சில வாரங்கள் கழித்து ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள்.