பாராட்டு வந்ததும் குறையைக் காட்டாதீர்கள்

கும்பகோணத்திலும் மயிலாடுதுறையிலும் சுயதொழில் தொடங்கும் பெண்களுக்கும், கல்லூரி முடித்து வேலை தேடும் பிள்ளைகளுக்கும் பேச்சுப் பயிற்சி நடத்துகிறேன். விலை பேசுவது, நேர்முகத் தேர்வில் பதில் சொல்வது எல்லாம் சில வகுப்புகளிலேயே பிடிபட்டுவிடும். பாராட்டு வரும் இடத்தில்தான் ஒவ்வொரு குழுவும் சறுக்குகிறது. நானும் என்னோடு பயின்றவர்களும் புதிதில் செய்த அதே தவறுகள்தான். பொய்யாகப் புகழக்கூடாது, தற்பெருமை பேசக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

பாராட்டியவரிடம் நம் குறையை எடுத்துக் கொடுப்பது

என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியாத தவறு இது. காசும் போகும், பெயரும் போகும். செய்தவருக்கோ தான் அடக்கமாக நடந்துகொண்டதாக ஒரு திருப்தி வேறு.

ஆடி முடிந்து ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கிய நேரம். என்னிடம் பயின்ற ஒரு பெண்ணின் தையல் கடையில் உட்கார்ந்திருந்தேன். கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்திருந்த பட்டு பிளவுஸை வாங்க ஒரு அம்மா வந்தார். உள்ளே போய்ப் போட்டுப் பார்த்துவிட்டு, கண்ணாடி முன்னால் நின்று முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கழுத்து கச்சிதமா உக்காந்திருக்கும்மா. எனக்கு எங்க தைச்சாலும் பின்பக்கம் தூக்கிக்கிட்டே நிக்கும்” என்றார்.

நம் பெண் சொன்ன பதில்: “இல்லக்கா, இடது கை பார்டர் ஒரு நூல் இறங்கிடுச்சு. அவசரத்துல தைச்சேன்.”

ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது யார் கண்ணுக்கும் தெரியாது. அந்த அம்மா உடனே இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிச் சேர்த்து வைத்துப் பார்த்தார். “ஆமா, நீ சொன்னப்புறம்தான் தெரியுது” என்றார். அதற்குப் பிறகு கழுத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. 600 ரூபாய் பேசியிருந்த கூலியில் 500 கொடுத்தார். நூறு ரூபாய் போனது பெரிதில்லை. “அவசரத்துல தைக்கிற பொண்ணு” என்ற பேரோடு அவர் அந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நடந்ததைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். அந்த அம்மாவுக்குப் பல வருடமாக ஒரு தொல்லை இருந்திருக்கிறது. இந்தப் பெண் அதைத் தீர்த்திருக்கிறாள். அது அவருக்குப் புரிந்திருக்கிறது, வாய்விட்டுச் சொல்லியும் இருக்கிறார். “இல்லக்கா” என்ற உடனே, “நீங்கள் பார்த்தது சரியில்லை” என்று அவரிடம் சொன்னதாக ஆகிவிட்டது. பாராட்டு என்பது பாராட்டுகிறவரின் கணிப்பும்தானே. அதை மறுத்தால் அவர் ரசனையையே மறுத்ததாகத்தான் அவருக்குப் படும்.

நாம் ஏன் இப்படிச் செய்கிறோம்? அனிதா பொமரன்ட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1978-இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பாராட்டைக் கேட்டவர் ஒரே நேரத்தில் இரண்டு பக்கம் இழுக்கப்படுகிறார் என்பது அவர் கண்டது. எதிரில் இருப்பவர் சொன்னதோடு ஒத்துப்போக வேண்டும் என்பது ஒரு பக்கம். தன்னைத் தானே புகழக்கூடாது என்பது இன்னொரு பக்கம். ஒத்துக்கொண்டால் தற்புகழ்ச்சி, மறுத்தால் முகத்தில் அடித்தது போல. இந்த இழுபறியில்தான் “அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல” பிறக்கிறது. அவர் கவனித்தது அமெரிக்கர்கள் பேசிக்கொண்டதை. ஆகவே இதைத் தமிழர்களுக்கு மட்டுமே உள்ள கூச்சம் என்று நினைத்து வருந்த வேண்டாம்.

நம் மரபு இதைப் பற்றி யோசிக்காமல் இல்லை. “தான்தற் புகழ்தல் தகுதி அன்றே” என்கிறது நன்னூல். வகுப்பில் இதை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்கள் உண்டு. அடுத்த சூத்திரத்தைப் படித்தால், தன்னைப் புகழ்வதும் தகும் என்று சில இடங்களை அதே நன்னூல் விட்டுக்கொடுக்கிறது. தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவில் இருக்கும்போது என்பது அதில் ஒன்று. முதன்முறை கடைக்கு வந்திருக்கும் வாடிக்கையாளர் அப்படிப்பட்டவர்தான். அதுவும், இங்கே புகழ்ந்தது அவர். நாம் செய்ய வேண்டியது அதைக் கெடுக்காமல் இருப்பது மட்டும்.

சரி, அந்தப் பெண் என்ன சொல்லியிருக்கலாம்? பிறகு வகுப்பில் அவளையே வைத்துத் திரும்பத் திரும்பப் பேசிப் பழகினோம். கடைசியில் நின்றது இது: “சந்தோஷம்க்கா. உங்களுக்குத் தோள் கொஞ்சம் சரிவு, அதான் தோள்பட்டையை அரை அங்குலம் இறக்கி வெட்டினேன். கையைத் தூக்கிப் பாருங்க, அக்குள்ல எங்கயாவது பிடிக்குதா?”

முதலில் வாங்கிக்கொள்கிறாள். பிறகு, செய்த வேலையில் உண்மையான ஒரு விவரத்தைச் சொல்கிறாள். அதில் “நான் கெட்டிக்காரி” என்று எங்கேயும் இல்லை, அரை அங்குலம்தான் இருக்கிறது. கடைசியில் பேச்சைத் திரும்ப அந்த அம்மாவின் சௌகரியத்துக்கே கொண்டுபோய்விடுகிறாள். பொமரன்ட்ஸ் சொன்ன இழுபறியும் இதில் தீர்ந்துவிடுகிறது: ஒத்துக்கொண்டும் ஆயிற்று, தன்னைப் புகழவும் இல்லை.

“அப்ப பார்டர் இறங்கினதை மறைக்கணுமா? அது ஏமாத்து இல்லையா?” என்று வகுப்பில் கட்டாயம் ஒருவர் கேட்பார். நல்ல கேள்வி. பிரித்துத் தைக்க வேண்டிய அளவுக்குக் கோணல் என்றால், அவர் வருவதற்கு முன்பே பிரித்திருக்க வேண்டும். நேரமில்லை என்றால் துணியைக் கையில் கொடுக்கும்போதே, அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். பிரிக்கத் தேவையில்லை என்று நீங்களே முடிவு செய்து இஸ்திரி போட்டு மடித்து வைத்துவிட்டால், பாராட்டு வந்த பிறகு மட்டும் அது எப்படிக் குறையாகும்? “முதல் தடவை தனியா அலசுங்க, சாயம் கொஞ்சம் விடும்” என்பது போன்றவற்றைக் கட்டாயம் சொல்லுங்கள், அது அவருக்குத் தேவை. பார்டர் சமாச்சாரம் அவருக்குத் தேவையில்லை. உங்கள் கூச்சத்தைத் தீர்த்துக்கொள்ளத்தான் அதைச் சொல்கிறீர்கள்.

இந்தத் தவறு வரப்போகிறது என்பதை முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாம். பாராட்டைக் கேட்ட உடனே கை நம் வேலையின் மேல் போகும், எதையாவது நீவிவிடும், இழுத்துவிடும். கண் பிழையைத் தேடும். அப்போது “சந்தோஷம்” என்று சொல்லிவிட்டு, ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் சும்மா இருங்கள். பெரும்பாலும் எதிரில் இருப்பவரே மேற்கொண்டு ஏதாவது சொல்வார்.

உடனே திருப்பிக் கொடுப்பது

“உங்க புடவையும் சூப்பர்க்கா.” இது பாராட்டு இல்லை, கடனை அடைப்பது. உண்மையிலேயே புடவை பிடித்திருந்தால் பத்து நிமிடம் கழித்துச் சொல்லுங்கள்.

“எல்லாம் அவன் செயல்”

பெரியவர்கள் வாயில் இது பொருந்தி வருகிறது, நம்பிச் சொல்கிறார்கள். இருபது வயதுப் பிள்ளை சொன்னால் தப்பித்துக்கொள்கிறான் என்றுதான் படும். பெருமையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்றால் ஆளையும் விஷயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். “எங்க வாத்தியார் தவில்ல வலது கை விரலை மட்டும் ஆறு மாசம் பழக்கினார், அதான்” என்றால் பாராட்டியவரின் கணிப்பும் நிற்கும், குருவின் பெயரும் நிற்கும்.

“சூப்பர்” என்று மட்டும் சொல்வது

கொடுக்கிற பக்கத்தில் அதிகம் நடப்பது இது. பொய் ஒன்றும் இல்லை, ஆனால் எதைப் பார்த்துச் சொன்னீர்கள் என்று தெரியாததால் மனதில் ஒட்டாது. கல்யாணப் பந்தியில் கை கழுவிவிட்டு வருகிறவர்கள் எல்லாரும் சமையல்காரரிடம் “சாப்பாடு பிரமாதம்” என்று சொல்லிக்கொண்டே போவார்கள். அவரும் தலையை ஆட்டிக்கொண்டே அடுத்த பந்திக்கு இலையை எண்ணுவார். “வத்தக்குழம்புல சுண்டைக்காய் கசக்கவே இல்லையே, எப்படி வறுத்தீங்க?” என்று ஒருவர் கேட்டால் நின்றுவிடுவார். எண்ணெய் எவ்வளவு, அடுப்பு எப்படி எரியணும், எந்த நிறத்தில் எடுக்கணும் என்று சொல்லிக்கொண்டே வருவார். அங்கே “அதெல்லாம் ஒண்ணுமில்ல” வருவதற்கே இடமில்லை. கூச்சப்படுகிறவரைப் பாராட்ட எனக்குத் தெரிந்த நல்ல வழி இப்படிக் கேள்வியாகக் கேட்பதுதான். ஆனால் பதிலைக் கேட்கும் பொறுமை உங்களுக்கு இருக்க வேண்டும்.

சரியாகச் சொல்ல வராதே என்று நினைத்துச் சொல்லாமலே போகிறவர்களும் நிறைய. எரிக்கா பூத்பி, வனெசா போன்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வில் ஒன்று தெரிகிறது: பாராட்டு எதிராளிக்கு எவ்வளவு சந்தோஷம் தரும் என்பதைச் சொல்கிறவர் குறைத்தே மதிப்பிடுகிறார். நாம் தடுமாறினோமா என்பதைத்தான் நாம் யோசிக்கிறோம். கேட்டவர் மனதில் நிற்பது சொன்ன நல்ல வார்த்தை.

பாராட்டிவிட்டு உதவி கேட்பது

வேண்டாம். உதவியை வேறொரு நாள் கேளுங்கள்.

“கலராயிட்டே”, “இளைச்சுட்டே”

இவற்றைப் பாராட்டுக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

குழந்தையைப் பாராட்டிவிட்டு அப்படியே விட்டுவிடுவது

நம் பக்கத்தில் “குழந்தை என்ன லட்சணமா இருக்கு” என்றால் பாட்டி முகம் மாறும், கண் பட்டுவிடுமே என்று. வீட்டுக்குள் போனதும் உப்பு, மிளகாய் சுற்றிப் போடுவார்கள். அவர்கள் “அட, ரெண்டு நாளா காய்ச்சல், சரியாவே சாப்பிடல” என்று இறக்கிப் பேசினால் அது பாராட்டை மறுப்பது ஆகாது, காப்பு. அங்கே போய் நீங்கள் வாதாடக் கூடாது. “நல்லா இருக்கட்டும், நூறு வயசு இருக்கட்டும்” என்று ஒரு வாழ்த்தைச் சேர்த்தால் போதும், பாட்டி முகம் தெளிந்துவிடும்.

அப்பா சொன்னதை அவர் மகனிடம் சேர்க்காமல் விடுவது

இங்கே பல வீடுகளில் அப்பாக்கள் பிள்ளையை முகத்துக்கு நேரே பாராட்ட மாட்டார்கள். டீக்கடையில் சொல்வார்கள், களத்து மேட்டில் சொல்வார்கள். “இந்த வருஷம் நாத்தங்கால் பூரா பையன்தான் பார்த்துக்கிட்டான், ஒரு முடி நாத்துகூட வெளியில வாங்கல” என்று அவர் சொல்லி நீங்கள் கேட்டிருந்தால், அதை அந்தப் பையனிடம் சொல்ல உங்களைத் தவிர ஆள் இருக்காது. எங்கே சொன்னார், என்ன வார்த்தையில் சொன்னார் என்பதோடு அப்படியே சொல்லுங்கள். “உங்கப்பா உன்னைத் தலையில தூக்கி வச்சு ஆடுறார்” என்று பெருக்கினால் நம்ப மாட்டான், அவனுக்கு அவன் அப்பாவைத் தெரியும்.