புது சலூனை கூகுள் மேப்பில் ஏற்றுவது: பெயர், வகை, மேப் பின், வீடியோ

பக்கத்துத் தெருவில் இருப்பவர் போனில் சலூன் என்று தேடினால் உங்கள் கடை வர வேண்டும். அதற்குத் தேவையானது கூகுள் பிசினஸ் புரொஃபைல். 2021 வரை இதன் பெயர் கூகுள் மை பிசினஸ். பழைய வீடியோக்களில் அந்தப் பெயரில் ஒரு தனி ஆப்பைக் காட்டுவார்கள். இப்போது அந்த ஆப் கிடையாது, தேட வேண்டாம். இது முழுக்க இலவசம். "பணம் கட்டினால் லிஸ்டிங் போட்டுத் தருகிறோம்" என்று யாராவது போன் செய்தால், நீங்களே செய்துகொள்ளக்கூடிய வேலைக்குத்தான் அவர் காசு கேட்கிறார்.

விவரங்களை நிரப்பக் கால் மணி நேரம் போதும். பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது அதற்குப் பிறகு, கடை நிஜமா, உங்களுடையதா என்று கூகுள் பார்க்கும் சரிபார்ப்பில். அதனால் கடைக்கு போர்டு மாட்டிய பிறகே ஆரம்பியுங்கள். போர்டு இல்லாத கடையைச் சரிபார்க்க வைப்பது பெரும்பாடு.

கணக்கும் பெயரும்

முதலில் கடைக்கென்று தனியாக ஒரு ஜிமெயில் கணக்கு தொடங்குங்கள். கடையில் வேலை பார்ப்பவரின் கணக்கிலோ, டிசைன் செய்து கொடுப்பவரின் கணக்கிலோ லிஸ்டிங்கைத் தொடங்கினால், அவர் விலகிப் போகும்போது உரிமையும் அவரோடு போய்விடும். உதவிக்கு ஆள் வேண்டுமென்றால் பிறகு அவரை மேனேஜராகச் சேர்க்கலாம். உரிமையாளர் நீங்களாகவே இருங்கள்.

அந்தக் கணக்கில் நுழைந்து business.google.com போங்கள். முதல் கேள்வியே கடையின் பெயர். போர்டில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே போடுங்கள். போர்டில் "மலர் சலூன்" என்று இருந்தால் மலர் சலூன், அவ்வளவுதான். "மலர் சலூன் – சிறந்த ஹேர்கட், ஃபேஷியல், பிரைடல் மேக்கப்" என்று நீட்டினால் தேடலில் மேலே வரலாம் என்று பலர் ஆசைப்படுகிறார்கள். சில நாள் வரவும் செய்யும். ஆனால் இது விதிமீறல். யாராவது புகார் கொடுத்தால் பெயரை வெட்டிவிடுவார்கள். சில சமயம் லிஸ்டிங்கையே முடக்கிவிடுவார்கள்.

வகை

பெயருக்கு அடுத்து வகை. தேடலில் நீங்கள் எதற்கு வருவீர்கள் என்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. பட்டியலில் Hair salon, Beauty salon, Barber shop, Nail salon எல்லாம் தனித்தனி. வருமானத்தில் பெரும்பகுதி எந்த வேலையில் வருகிறதோ அதை முதன்மை வகையாக வையுங்கள். முடி வெட்டுவதும் கலரிங்கும்தான் முக்கியத் தொழில் என்றால் Hair salon. அழகு நிலையம் என்று சொல்கிறோமே என்பதற்காக Beauty salon போட்டுவிட்டால், முடிவெட்டத் தேடுபவர்களிடம் நீங்கள் பின்தங்குவீர்கள். முதன்மை வகையோடு ஒன்பது கூடுதல் வகைகள் வரை சேர்க்கலாம், ஆனால் இரண்டு மூன்று போதும். ஃபேஷியல், வேக்சிங் போன்றவற்றை வகையாகத் தேடி அலைய வேண்டாம். அவற்றுக்குப் பிறகு சேவைகள் பகுதி இருக்கிறது.

முகவரியும் மேப் பின்னும்

முகவரியைத் தட்டியதும் மேப்பில் சிவப்பு பின் ஒன்று தானாக விழும். அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். கதவு எண் மேப்பில் இல்லாத தெருக்களில் அந்தப் பின், தெருவின் நடுவிலோ அடுத்த தெருவிலோ போய் உட்கார்ந்துகொள்ளும். சாட்டிலைட் காட்சிக்கு மாற்றி, பெரிதாக்கி, உங்கள் கட்டடத்தின் வாசலில் பின்னை இழுத்து வையுங்கள். கட்டடத்துக்குப் பின்பக்கமும் ஒரு சாலை இருந்தால் இது ரொம்ப முக்கியம். அந்தப் பின், நடுக்கூரையில் இருந்தால், மேப் வழிகாட்டி வாடிக்கையாளரைப் பின்பக்கச் சுவருக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். மாடியில் கடை இருந்தால் தளத்தையும் கடை எண்ணையும் முகவரியின் இரண்டாம் வரியில் எழுதுங்கள்.

அதே இடத்தில் முன்பு வேறொரு சலூன் இருந்து மூடியிருந்தால், அதன் லிஸ்டிங் இன்னும் மேப்பில் தொங்கிக்கொண்டிருக்கலாம். அந்தத் தொழிலையே நீங்கள் வாங்கியிருந்தால் ஒழிய அதன் பெயரை மாற்றி எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய கடையின் மோசமான விமர்சனங்களும் சேர்ந்தே வரும். மேப்பில் அதைத் திறந்து, திருத்தம் பரிந்துரைக்கும் இடத்தில் நிரந்தரமாக மூடப்பட்டது என்று குறித்து அனுப்பிவிட்டு, உங்களுடையதைப் புதிதாகத் தொடங்குங்கள்.

சரிபார்ப்பு வீடியோ

எந்த முறையில் சரிபார்ப்பது என்பதை கூகுள்தான் முடிவு செய்யும். போன், குறுஞ்செய்தி, மின்னஞ்சல் என்று வரலாம். புதுக் கடைகளுக்குப் பெரும்பாலும் வருவது வீடியோ. இதைப் போனில்தான் எடுக்க வேண்டும். கணினியில் தொடங்கினால் ஸ்கேன் செய்ய ஒரு கியூஆர் காட்டும். குறைந்தது 30 விநாடி, வெட்டாமல் ஒட்டாமல் ஒரே ஓட்டமாக இருக்க வேண்டும். அதில் மூன்று விஷயம் தெரிய வேண்டும்: கடை இந்த இடத்தில் இருக்கிறது, இது நிஜமான சலூன், இதை நடத்துவது நீங்கள்.

மாடியில் இருக்கும் நம் மலர் சலூனுக்கு இப்படி எடுக்கலாம். பகல் வெளிச்சத்தில், ஷட்டரைப் பூட்டிவிட்டுத் தெருவில் போய் நில்லுங்கள். பதிவைத் தொடங்கி, தெருப் பெயர்ப் பலகையையும் பக்கத்துக் கடைகளின் போர்டையும் நிதானமாகக் காட்டுங்கள். நடந்துகொண்டே உங்கள் போர்டுக்கு வந்து, எழுத்து படிக்கும்படி இரண்டு மூன்று விநாடி நிறுத்துங்கள். மாடிப்படி ஏறி, கேமரா பார்க்கும்படியே பூட்டைத் திறந்து ஷட்டரைத் தூக்குங்கள். உள்ளே நாற்காலி, கண்ணாடி, வாஷ் பேசின், அலமாரியில் உள்ள பொருட்கள். கடைசியாக வாடிக்கையாளர் போகாத இடம்: பில் போடும் மேசைக்குப் பின்னால் போய் டிராயரைத் திறந்து காட்டுங்கள். மொத்தம் ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். மற்றவர்களின் முகம், வங்கி விவரம் எதுவும் பதிவாக வேண்டாம்.

நிராகரிக்கப்படும் வீடியோக்களில் அடிக்கடி காணும் குறை, நேரே கடைக்குள் ஆரம்பித்துவிடுவது. உள்ளே எவ்வளவு அழகாக இருந்தாலும், அது எந்தத் தெரு என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? பூட்டைத் திறக்கும் காட்சியை விட்டுவிடுவது இன்னொன்று. முடி வெட்டிக்கொள்ள வந்தவரும் நாற்காலியைப் படம் எடுக்கலாம். சாவி அவரிடம் இருக்காது.

பார்த்து முடிக்க ஐந்து வேலை நாள் வரை ஆகும். அதற்குள் பெயரையோ முகவரியையோ தொடாதீர்கள். நிராகரித்தால் காரணத்தைப் பார்த்து மறுபடி எடுத்து அனுப்பலாம். அவசரத்தில் இரண்டாவது லிஸ்டிங் ஒன்றை மட்டும் தொடங்கிவிடாதீர்கள். ஒரே கடைக்கு இரண்டு என்று இரண்டும் சிக்கும்.

பச்சைக்கொடி வந்த பிறகு

வேலை நேரம், சேவைகள், விலை, வெளியே எடுத்த போர்டு படம் ஒன்று, உள்ளே நாலைந்து படங்கள். முதலில் இவை போதும். விமர்சனம் கேட்க ஒரு லிங்க்கும் கியூஆரும் புரொஃபைலிலேயே கிடைக்கும். அச்சடித்து பில் மேசையில் வையுங்கள். விமர்சனம் எழுதினால் தள்ளுபடி என்று மட்டும் சொல்லாதீர்கள், அதற்குத் தடை உண்டு.

மேலே வருகிறதா என்று கடைக்குள் நின்று உங்கள் போனிலேயே தேடிப் பார்ப்பதில் அர்த்தமில்லை. தேடுபவரின் இடத்திலிருந்து உள்ள தூரமும் வரிசையைத் தீர்மானிக்கிறது என்பதால், கடைக்குள் தேடினால் நீங்கள் மேலேதான் வருவீர்கள். இரண்டு மூன்று தெரு தள்ளிப் போய், வேறொருவர் போனில், கடைப் பெயரைச் சொல்லாமல் தேடச் சொல்லுங்கள். பிறகு வழிகாட்டியைப் போட்டு, அவரையே கடைக்கு நடந்து வரச் சொல்லுங்கள். வேறு வாசலில் போய் நின்றால், பின்னை இன்னும் கொஞ்சம் நகர்த்த வேண்டும்.