"மிஸ், கேக்குதா?": ஆன்லைன் டியூஷனில் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாலை 6.30க்கு வகுப்பு என்றால் பல வீடுகளில் 6.28க்குத்தான் அம்மாவின் போன் பிள்ளை கைக்குப் போகிறது. வாட்ஸ்அப் குழுவில் லிங்க்கைத் தேடி, அதைத் தொட்டு, ஜூம் ஆப் அப்டேட் கேட்டு, அது இறங்கி முடிப்பதற்குள் டீச்சர் முதல் கணக்கைப் போட்டு முடித்திருப்பார். அதனால் முதல் வகுப்புக்கு முந்தைய நாளே ஆப்பை இறக்கி ஒருமுறை திறந்து பாருங்கள். மற்ற நாட்களில் பத்து நிமிடம் முன்னதாக போனைக் கொடுத்தால் போதும். பெரும்பாலான டியூஷன்கள் ஜூமில் நடப்பதால், ஆண்ட்ராய்டு போனில் ஜூம் வழியாகச் சேர்வதை வைத்தே இங்கே சொல்கிறேன்.

லிங்க்கைத் தொட்டதும் பெயர் கேட்கும். இங்கேதான் முதல் தவறு. பெட்டியில் ஏற்கெனவே அப்பாவின் பெயரோ, போன் மாடலின் பெயரோ இருக்கும். அப்படியே உள்ளே போய்விடுவார்கள். டீச்சரின் திரையில் "Galaxy" என்று யாரோ வாசலில் நிற்பது போலத் தெரியும். தெரியாத ஆளை எந்த டீச்சரும் உள்ளே விடமாட்டார். பிள்ளையோ காத்திருப்பு அறையிலேயே கால்மணி நேரம் உட்கார்ந்திருக்கும். பெயரை அழித்துவிட்டு, பிள்ளையின் பெயரும் வகுப்பும் போடுங்கள்: "கவின் 8ஆம் வகுப்பு" என்பது போல. உள்ளே விடத் தாமதமானால் வெளியேறி வெளியேறித் திரும்ப நுழைய வேண்டாம். டீச்சருக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருங்கள்.

அடுத்தது ஒலி. டீச்சரின் உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. வீட்டில் எல்லோரும் வால்யூம் பட்டனை அழுத்திக்கொண்டே இருப்பார்கள். பெரும்பாலும் கோளாறு வால்யூமில் இல்லை. உள்ளே போனதும் "Wifi or Cellular Data" என்று ஒரு தேர்வு வரும். அதைத் தொடாமல் மூடிவிட்டால் படம் மட்டும் ஓடும், ஒலி இணையவே இணையாது. கண்டுபிடிப்பது எளிது: மைக் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஹெட்போன் படமும் "Join Audio" என்ற சொல்லும் நிற்கும். அதைத் தொட்டு, மேலே சொன்ன தேர்வைக் கொடுத்தால் சரியாகிவிடும்.

முதல்முறை "Allow Zoom to record audio?" என்று போன் கேட்கும்போது "ஐயோ, ரெக்கார்ட் பண்ணப் போறாங்க" என்று பயந்து "Don't allow" கொடுத்துவிடும் பெற்றோர் உண்டு. அது மைக்கைப் பயன்படுத்த ஆப் கேட்கும் அனுமதி மட்டுமே. "While using the app" என்பதைக் கொடுங்கள். இரண்டு முறை மறுத்துவிட்டால் புதிய போன்கள் மறுபடி கேட்காது. போனின் செட்டிங்ஸில் ஆப்ஸ், அதில் ஜூம், அதில் பெர்மிஷன்ஸ் என்று போய் நீங்களேதான் திறந்துவிட வேண்டும்.

சரி, இப்போது மியூட். எல்லாக் குழப்பத்துக்கும் தாய்வீடு இதுதான்.

வால்யூம் என்பது அங்கிருந்து நமக்கு வருவதை மட்டும் கூட்டும், குறைக்கும். மியூட் என்பது நம் வீட்டிலிருந்து அங்கே போவதை நிறுத்தும். வால்யூமைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு "இனி யாருக்கும் கேட்காது" என்று நினைத்து, மாமியார் விஷயத்தையும் சீட்டுப் பணத்தையும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். மைக் திறந்திருந்தால் அது முப்பது வீட்டுக்கும் போகும். ஜூமை விட்டு வாட்ஸ்அப்புக்கு மாறினாலும் அப்படித்தான். கேமரா நின்றுபோனாலும் மைக் நிற்காது.

மைக் படத்தின் கீழே இருக்கும் சொல்லும் ஆளைக் கவிழ்க்கும். அங்கே "Mute" என்று எழுதியிருந்தால் மியூட் ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. "தொட்டால் மியூட் ஆகும்" என்று அர்த்தம், அதாவது மைக் இப்போது திறந்திருக்கிறது. "Unmute" என்று இருந்தால்தான் மூடியிருக்கிறது. சொல்லை விடுங்கள், படத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்: மைக்கின் குறுக்கே சிவப்புக் கோடு இருந்தால் மூடியிருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கும் இது ஒரே நாளில் பழகிவிடும்.

டீச்சர் எல்லோரையும் மியூட் செய்ய முடியும். ஆனால் பொதுவாக உங்கள் மைக்கை அவராகத் திறந்துவிட முடியாது. "கவின், சொல்லு" என்று கூப்பிட்டு ஒரு வேண்டுகோள் அனுப்புவார். திரையில் சின்னப் பெட்டி வரும். பிள்ளைதான் அதில் "Unmute" தொட வேண்டும். பெட்டி வந்ததே தெரியாமல் பதிலைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருக்கும் பிள்ளைகள் நிறைய. "மிஸ்ஸுக்கு நான் சொன்னதே கேக்கல" என்று கோபமும் வரும். கேள்விக்குத் திறப்பது, பதில் முடிந்ததும் மூடுவது: இந்த ஒரு பழக்கம் போதும். பட்டன்கள் காணாமல் போனால் திரையை ஒருமுறை தொட்டால் திரும்ப வரும்.

அக்காவும் தம்பியும் ஒரே வகுப்பில் இரண்டு போன்களில் ஒரே அறையில் உட்கார்ந்தால் "ஊஊ" என்று ஊளைச் சத்தம் கிளம்பும். ஒரு போனின் ஸ்பீக்கர் சத்தத்தை மற்ற போனின் மைக் பிடித்துத் திருப்பி அனுப்புவதுதான் காரணம். இருவருக்கும் இயர்போன் கொடுங்கள், இல்லையென்றால் ஆளுக்கொரு அறை. ப்ளூடூத் இயர்போன் என்றால் இன்னொரு கூத்தும் உண்டு: அப்பாவின் காதில் மாட்டியிருப்பதில் போய் இணைந்துகொள்ளும், ஹாலில் இருக்கும் அவருக்குத்தான் அல்ஜீப்ரா கேட்கும்.

கேமராவில் நான் பார்க்கும் பெரிய தவறு வெளிச்சம். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார வைத்தால் கேமரா ஜன்னல் வெளிச்சத்துக்கு ஏற்ப தன்னைச் சரிசெய்துகொள்ளும். பிள்ளையின் முகம் கறுப்பு நிழலாகிவிடும். ஜன்னலோ ட்யூப்லைட்டோ முகத்துக்கு எதிரே இருக்கட்டும். போனை மேஜையில் படுக்கப் போட்டால் டீச்சருக்குத் தெரிவது சீலிங் ஃபேன்தான். நாலைந்து புத்தகங்களை அடுக்கி, அதன்மேல் சுவரில் சாய்த்து, படுக்கைவாட்டில் வையுங்கள். கேமரா கண் உயரத்துக்கு வந்துவிடும்.

நோட்டைக் காட்டும் விதம் தனிக்கதை. "தெரியலையா மிஸ்?" என்று பிள்ளை நோட்டைக் கேமராவோடு ஒட்டவைக்கும்; இன்னும் மங்கும். விலை குறைந்த போன்களின் முன்கேமராக்கள் பலவற்றுக்கு, தூரத்துக்கேற்ப ஃபோகஸை மாற்றும் வசதி கிடையாது. ஒரு அடிக்கு மேல் தள்ளிப் பிடித்தால் எழுத்து தெளியும். இன்னும் நல்ல வழி, கேமராவைத் திருப்பும் படத்தைத் தொட்டுப் பின்கேமராவுக்கு மாறி, நோட்டை மேஜையில் வைத்துக் காட்டுவது. தன் திரையில் எழுத்து கண்ணாடியில் போல இடவலம் மாறித் தெரிந்தால் நோட்டைத் திருப்ப வேண்டாம். அது பிள்ளைக்கு மட்டும் அப்படித் தெரிவது, டீச்சருக்கு நேராகவே தெரியும்.

இன்டர்நெட் திணறி டீச்சரின் குரல் விட்டுவிட்டு வந்தால் முதலில் உங்கள் கேமராவை அணைத்து, "நெட் சரியில்லை" என்று சாட்டில் ஒரு வரி போடச் சொல்லுங்கள். படம் போனாலும் குரல் நிற்கும். வகுப்பு நேரத்துக்கு போனை "Do Not Disturb"-இல் போட்டுவிடுவதும் நல்லது. நடுவில் அழைப்பு வந்து பிள்ளை எடுத்துவிட்டால் வகுப்பின் ஒலி அறுந்துவிடும். சொந்தக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அப்புறம் "ஏன் எடுக்கல" என்று வருத்தம் வேண்டாம்.

40ஆவது நிமிடத்தில் வகுப்பு பட்டென்று எல்லோருக்கும் நின்றால் உங்கள் போனில் கோளாறு இல்லை. ஜூமின் இலவசக் கணக்கில் ஒரு கூட்டத்துக்கு அவ்வளவுதான் நேரம். ஆப்பை அழித்து மறுபடி இறக்கத் தொடங்காதீர்கள். வாட்ஸ்அப் குழுவைப் பாருங்கள். அதே லிங்க்கில் திரும்ப வரலாமா என்பதையோ புது லிங்க்கையோ டீச்சர் அங்கே போட்டிருப்பார். திரும்ப நுழையும்போது பெயரையும் ஒலியையும் மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டுப் போனைக் கொடுங்கள்.