அமெரிக்கப் பங்கின் லாபத்தில் ரூபாயின் பங்கு எவ்வளவு? கூகுள் ஷீட்ஸில் பிரித்துக் காட்டும் முறை

அமெரிக்கப் பங்குகள் வைத்திருப்பவரின் டாஷ்போர்டு ரூபாயில் லாபம் என்று பச்சையில் காட்டும். ஆனால் அந்த லாபம் நிறுவனம் வளர்ந்ததால் வந்ததா, டாலருக்கு எதிராக ரூபாய் சரிந்ததால் வந்ததா என்பதைப் பெரும்பாலும் சொல்லாது. இரண்டையும் தனித்தனியே காட்டாத டாஷ்போர்டை நம்பிப் பங்கை விற்பதும் வாங்குவதும் ஆபத்து. கூகுள் ஷீட்ஸில் இதை எளிதாகவே பிரித்துவிடலாம்.

முதலில், ஒவ்வொரு முறை வாங்கியதையும் தனி வரிசையில் எழுதுங்கள். ஒரே பங்கை மூன்று தேதிகளில் வாங்கியிருந்தால் மூன்று வரிசைகள் வேண்டும். ஒவ்வொரு தேதியிலும் டாலரின் விலை வேறு. `A`-இல் பங்கின் குறியீடு (`NASDAQ:MSFT` போல), `B`-இல் தேதி, `C`-இல் எண்ணிக்கை, `D`-இல் வாங்கிய டாலர் விலை, `E`-இல் அன்றைய டாலரின் ரூபாய் மதிப்பு.

இந்த `E` தான் முழுக் கணக்குக்கும் அடித்தளம். இணையத்தில் கிடைக்கும் அன்றைய சந்தை விகிதத்தை இங்கே போடாதீர்கள். வங்கி அதற்கு மேல் தன் லாபத்தையும் கட்டணத்தையும் சேர்த்துத்தான் உங்களுக்கு டாலரை விற்கும். கணக்கிலிருந்து கழிந்த மொத்த ரூபாயை, தரகு கணக்கில் வந்துசேர்ந்த டாலரால் வகுத்தால் கிடைப்பதே நீங்கள் உண்மையில் கொடுத்த விகிதம். அதை எண்ணாகத் தட்டச்சு செய்யுங்கள், சூத்திரமாக வைக்காதீர்கள். நடந்து முடிந்த விலை இனி மாறக்கூடாது.

அடுத்து, சூத்திரங்கள். இன்றைய டாலர் மதிப்பை `L1` என்ற ஒரே கட்டத்தில் வைத்து, எல்லா வரிசைகளும் அதையே பார்க்கும்படி செய்யுங்கள்.

```
L1: =GOOGLEFINANCE("CURRENCY:USDINR")
F2: =GOOGLEFINANCE(A2)
G2: =C2*D2*E2
H2: =C2*F2*$L$1
I2: =C2*(F2-D2)*E2
J2: =C2*F2*($L$1-E2)
```

`F` பங்கின் இன்றைய டாலர் விலை. `G` போட்ட பணம், `H` இன்றைய மதிப்பு, இரண்டும் ரூபாயில். `I` பங்கு விலையால் வந்த மாற்றம், `J` நாணய மாற்றத்தால் வந்தது.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். டாலர் 75 ரூபாயாக இருந்தபோது, 200 டாலர் வீதம் 10 பங்குகள் வாங்கினீர்கள். இப்போது பங்கு 180 டாலர், டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். போட்டது 1,50,000 ரூபாய், இன்றைய மதிப்பு 1,53,000. டாஷ்போர்டு 3,000 ரூபாய் லாபம் என்கிறது. பிரித்துப் பார்த்தால், பங்கு விலையில் 15,000 நஷ்டம். ரூபாய் சரிந்ததால் 18,000 லாபம். பங்கு பத்து சதவீதம் விழுந்ததை நாணயம் மூடி மறைத்திருக்கிறது.

18,000 எப்படி வந்தது? இன்று உங்களிடம் இருப்பது 1,800 டாலர் மதிப்பு. டாலருக்குப் பத்து ரூபாய் கூடியிருக்கிறது. முதலில் போட்ட 2,000 டாலரை வைத்து 20,000 என்று கணக்கிடுவோரும் உண்டு. அப்போது கூட்டுத்தொகையில் 2,000 உதைக்கும். சதவீதங்களைக் கூட்டினாலும் இதே சிக்கல்தான்: பத்து சதவீத இறக்கத்தையும் 13.33 சதவீத ஏற்றத்தையும் கூட்டினால் 3.33 வரும், உண்மை லாபமோ 2 சதவீதம். விகிதங்களைப் பெருக்க வேண்டும்: 0.9 × 1.1333 = 1.02.

பலர் செய்யும் பிழை, வாங்கிய விலையையும் இன்றைய விகிதத்தில் ரூபாயாக்குவது. அப்படிச் செய்தால் போட்ட பணம் 1,70,000 என்றும், நஷ்டம் 17,000 என்றும் காட்டும். நாணயத்தின் விளைவு அடியோடு மறைந்துவிடும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: போட்ட பணத்தின் மொத்தம் நாளுக்கு நாள் மாறினால், இந்தப் பிழை இருக்கிறது.

`H-G-I-J` என்ற கழித்தலைத் தனி நெடுவரிசையில் வையுங்கள். அது பூஜ்யமாக வராவிட்டால், `$L$1`-இல் டாலர் குறி விடுபட்டு, சூத்திரத்தைக் கீழே இழுத்தபோது கட்டம் நகர்ந்திருக்கலாம். விலை வராதபோது `#N/A` தெரிந்தால் அதை `IFERROR` கொண்டு பூஜ்யமாக்க வேண்டாம். மொத்த மதிப்பு திடீரென்று சரிந்ததாகத் தோன்றும். பிழை கண்ணில் படுவதே நல்லது.

இனி டாஷ்போர்டு. `I`, `J` இரண்டின் மொத்தத்தையும் `SUM` மூலம் எடுத்து, இரு நிறப் பட்டைகளாக அருகருகே வரையுங்கள். இந்தியப் பகல் நேரத்தில் அமெரிக்கச் சந்தை மூடியிருப்பதால், அப்போது மதிப்பு அசைந்தால் அது நாணயத்தின் அசைவு மட்டுமே. தரகு கணக்கில் சும்மா கிடக்கும் டாலரையும் ஒரு வரிசையாகச் சேர்த்து, `D`, `F` இரண்டிலும் 1 என்று போடுங்கள். அதன் லாபநஷ்டம் முழுவதும் `J`-இல் விழும்.

லண்டனில் பட்டியலிட்ட பங்கையும் சேர்ப்பதாக இருந்தால், அங்கே பல பங்குகளின் விலை பவுண்டில் அல்ல, பென்ஸில் வரும். நூறால் வகுத்து, `CURRENCY:GBPINR`-க்கு வேறு கட்டம் வைத்துக்கொள்ளுங்கள். வருமான வரிக்கு இந்த எண்களை அப்படியே கொடுக்காதீர்கள். அங்கே ஸ்டேட் வங்கி அறிவிக்கும், டாலரை வாங்கும் TT விகிதத்தைக் கொண்டு, விதிகள் குறிப்பிடும் தேதிக்குக் கணக்கிட வேண்டும். அதற்குத் தனித் தாள் போடுங்கள்.