இரண்டு மூட்டு ரோபோ கை: கெயினைத் திருகுவதற்கு முன்னால்

போன மாதம் இறுதியாண்டு மாணவர்கள் இருவர் தாங்கள் செய்த ரோபோ கையைத் தூக்கிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார்கள். தோளில் ஒரு கியர் மோட்டார், முழங்கையில் ஒன்று, இரண்டிலும் கோணத்தை அளக்கும் என்கோடர். ஒரு புள்ளியைக் கொடுத்தால் கையின் நுனி அங்கே போய் நிற்க வேண்டும்.

"அண்ணா, இந்த இடத்துக்குச் சரியா போகுது. அந்த இடத்துக்கு அனுப்பினா தாண்டிப் போய், ரொம்ப நேரம் கழிச்சுத்தான் திரும்புது. அதுக்காக கெயினை மாத்தினா இது கெட்டுப்போகுது" என்றார்கள். அவர்கள் நோட்டில் நான்கு பக்கத்துக்கு Kp, Ki, Kd எண்கள்: மோட்டார் தள்ளுவதில் இப்போதைய பிழைக்கும், சேர்ந்துவந்த பிழையான இன்டெக்ரலுக்கும், பிழை மாறும் வேகத்துக்கும் எவ்வளவு பங்கு என்று சொல்லும் கெயின்கள். அப்படி ஒரு நோட்டு என்னிடமும் இருந்தது. அதில் போன இரவுகளை நினைத்தால் இப்போதும் மனம் ஆறவில்லை.

டிகிரி, ரேடியன் குழப்பத்தையும் மோட்டார் ஒயரை மாற்றிக் கொடுப்பதையும் இங்கே எழுதவில்லை. அவை முதல் நாளே தெரிந்துவிடும். நாள்கணக்கில் பிடிபடாமல் இருக்கும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

## புவியீர்ப்பைச் சுமக்க இன்டெக்ரலை விட்டுவிடுவது

இந்தத் தவறு எப்படி நுழைகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாடங்களில் வரும் இரண்டு மூட்டுக் கை பெரும்பாலும் கிடைமட்டமாக அசையும் கை. ஜப்பானில் யமனாஷி பல்கலைக்கழகத்தின் ஹிரோஷி மகினோ 1970களின் இறுதியில் உருவாக்கிய ஸ்கேரா வகைக் கையும் அப்படித்தான். அதன் இரண்டு மூட்டுகளின் அச்சும் செங்குத்தாக நிற்பதால், கையின் எடை அந்த மூட்டுகளைத் திருப்பாது. சிமுலேஷனிலும் புவியீர்ப்பு பூஜ்யமாகத்தான் இருக்கும். அதில் அழகாக ஓடிய கெயினை எடுத்து, சுவரோடு நிமிர்ந்து நிற்கும் கையில் போடுகிறோம். கை தொங்குகிறது. உடனே Ki-ஐ ஏற்றுகிறோம். கை மெல்ல மேலே வந்து இலக்கில் நிற்கிறது. பிரச்சினை தீர்ந்ததாக நினைத்துக்கொள்கிறோம். அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அந்த மாணவர்களின் கையையே எடுத்துக்கொள்வோம். மேல்கையின் நீளம் L1 0.30 மீட்டர், எடை 0.5 கிலோ. முழங்கையில் உட்கார்ந்திருக்கும் மோட்டார் 0.5 கிலோ. முன்கையின் நீளம் L2 0.25 மீட்டர், எடை 0.3 கிலோ. q1 என்பது தரைமட்டத்திலிருந்து மேல்கையின் கோணம். q2 என்பது மேல்கையிலிருந்து முன்கை எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பது. இலக்கு x = 0.35, y = 0.20. நுனியின் புள்ளியிலிருந்து மூட்டுக் கோணங்களைக் கண்டுபிடிக்கும் இன்வர்ஸ் கைனமேட்டிக்ஸ் இவ்வளவுதான்:

```
c2 = (x*x + y*y - L1*L1 - L2*L2) / (2*L1*L2)
q2 = sign * acos(c2)      # sign: +1 அல்லது -1
q1 = atan2(y, x) - atan2(L2*sin(q2), L1 + L2*cos(q2))
```

c2 0.067 என்று வருகிறது. இதற்கு இரண்டு விடைகள். முழங்கை மேலே இருந்தால் q1 = 68°, q2 = -86.2°. முழங்கை கீழே இருந்தால் q1 = -8.5°, q2 = 86.2°. நுனி இரண்டிலும் ஒரே புள்ளியில்தான் நிற்கிறது. ஆனால் தோள் மோட்டார் தாங்க வேண்டிய சுமை ஒன்றல்ல. முழங்கை மேலே இருக்கும்போது 1.5 நியூட்டன் மீட்டர். கீழே இருக்கும்போது 3.1. கை நேர் மேலே நிமிர்ந்து நின்றால் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை.

இப்போது Kp = 20 நியூட்டன் மீட்டர்/ரேடியன் என்று வைத்து, இன்டெக்ரல் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். பிழை இருந்தால்தான் மோட்டார் தள்ளும். 3.1 நியூட்டன் மீட்டர் தள்ள வேண்டும் என்றால் சுமார் 9° பிழை நிரந்தரமாக இருந்தாக வேண்டும். தோளில் 9° என்றால் நுனியில் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர். இந்தப் பள்ளத்தை இன்டெக்ரல் நிரப்புகிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கூட்டி 3.1-க்கு வந்து நிற்கிறது.

அப்புறம் அடுத்த புள்ளி. அங்கே 1.5 போதும் என்று வையுங்கள். ஆனால் இன்டெக்ரலில் இன்னும் 3.1 இருக்கிறது. கை புறப்பட்டுப் போய்ச் சேர்வதற்குள் அது கரையாது. மிச்சமிருக்கும் 1.6 கையை மேலே தள்ளுகிறது. Kp எதிர்த்து நிற்க, 4.6° தாண்டிய இடத்தில்தான் இரண்டும் சமமாகும். அங்கிருந்து இன்டெக்ரல் மெல்ல இறங்கி வரும்வரை கை மேலேயே நின்று நகர்ந்துகொண்டிருக்கும். மாணவர்கள் சொன்ன "ரொம்ப நேரம் கழிச்சுத் திரும்புது" இதுதான். Ki-ஐக் கூட்டினால் கை ஆடும். குறைத்தால் திரும்ப இன்னும் நேரமாகும். எந்த எண்ணைப் போட்டாலும் ஒரு நிலைக்குச் சரியாகி இன்னொன்றுக்குக் கெடும், ஏனென்றால் குறை எண்ணில் இல்லை.

நான் செய்த முதல் கையில் இதற்குக் கொடுத்த விலை பெரிது. இன்டெக்ரலுக்கு வரம்பு எதுவும் வைக்கவில்லை. ஒரு தடவை முன்கை மேசை விளிம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. நான் கவனிப்பதற்குள் இன்டெக்ரல் ஏறிக்கொண்டே இருந்தது. கையை விளிம்பிலிருந்து இழுத்து விடுவித்ததும் அது முழு வேகத்தில் மேலே போய் ஸ்டாப்பரில் மோதி, தோள் கியரின் பற்கள் உடைந்தன. வேறு கியர் மோட்டார் வந்து சேர மூன்று வாரம். முகம் பக்கத்தில் இல்லாமல் போனது நல்ல காலம். கெயின் பட்டியல் எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். அவர்கள் சோம்பேறிகள் இல்லை. தவறான இடத்தில் உழைக்கிறார்கள்.

கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. கையை ஐந்தாறு நிலைகளில் நிறுத்தி, அசைவு அடங்கியதும் தோளின் இன்டெக்ரல் மதிப்பை மட்டும் எழுதுங்கள். மேல்கை படுக்கப் படுக்க அது ஏறி, நிமிர நிமிர இறங்கினால், அது தூக்கிக்கொண்டிருப்பது கையின் எடையைத்தான்.

அந்த எடை நமக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்ததைக் கணக்கிட்டு நேராக மோட்டாருக்குக் கொடுத்துவிட வேண்டும்:

```python
def gravity(q1, q2):
    g2 = 9.81 * 0.0375 * cos(q1 + q2)
    g1 = 9.81 * 0.315 * cos(q1) + g2
    return g1, g2
```

0.0375 என்பது முன்கையின் எடையை அதன் பாதி நீளத்தால் பெருக்கியது. 0.315 என்பது மேல்கைக்கு 0.5 × 0.15, முழங்கை மோட்டாருக்கு 0.5 × 0.30, முன்கைக்கு 0.3 × 0.30, மூன்றையும் கூட்டியது. மூட்டுக்குப் போகும் கட்டளை இந்த g, அதோடு P, D, கொஞ்சம் I. புவியீர்ப்பை ஈடுகட்டிவிட்டால் இந்த வகைக் கைக்கு P, D இரண்டே போதும், கை இலக்கில் போய் நிற்கும் என்று தாகெகாகியும் அரிமோட்டோவும் 1981-லேயே நிறுவிவிட்டார்கள். கோணம் என்கோடர் சொல்லும் கோணமாக இருக்கட்டும். இலக்குக் கோணத்தைப் போட்டால், வழியில் இருக்கும்போதெல்லாம் தவறான சுமையைக் கொடுப்பீர்கள்.

நம் மோட்டாருக்கு நியூட்டன் மீட்டர் புரியாது, மின்சாரம் எவ்வளவு பங்கு நேரம் போகிறது என்ற பிடபிள்யூஎம் டியூட்டிதான் புரியும். அதற்குக் கையை நேராக நீட்டி, முழங்கையைக் கட்டிவிட்டு, கிடைமட்டமாக வையுங்கள். டியூட்டியை மெல்ல ஏற்றி, கை எழும்பத் தொடங்கும் எண்ணைக் குறியுங்கள். பிறகு மெல்ல இறக்கி, கை சரியத் தொடங்கும் எண்ணைக் குறியுங்கள். எங்களுக்கு 46, 30 சதவீதம் வந்தது. நடுவில் இருக்கும் 38 எடைக்கானது. இரண்டு பக்கமும் உள்ள 8 கியரின் உராய்வு. அந்த நிலையில் கணக்குப்படி சுமை 3.46 நியூட்டன் மீட்டர். ஆக 1 சதவீதம் சுமார் 0.09. ஒரு எண்ணை மட்டும் எடுத்தால் உராய்வும் எடையும் கலந்துவிடும், கணக்கு கெடும்.

சரி, இன்டெக்ரலைத் தூக்கி எறிந்துவிடலாமா? வேண்டாம். நுனியில் 0.2 கிலோ பொருளைப் பிடித்தால் அது நம் கணக்கில் இல்லை. கை முழுதாக நீண்டிருக்கும்போது தோளுக்கு அதனால் கூடுதல் சுமை 1.1 நியூட்டன் மீட்டர். ஆகவே இன்டெக்ரலின் வரம்பை ±1.1-ல் வைத்தோம். மோட்டார் உச்ச டியூட்டியில் இருக்கும்போது கூட்டுவதையும் நிறுத்தினோம். இதைச் செய்த பிறகு, பொருள் இல்லாமல் ஓட்டியபோது எந்த நிலையிலும் தோள் இன்டெக்ரல் 0.2-ஐத் தாண்டவில்லை. நான்கு பக்கத்தில் இருந்த எண்கள் ஒரே வரியாகிவிட்டன.

## பாதி வழியில் முழங்கையை மாற்றுவது

மேலே உள்ள `sign`-ஐ ஒவ்வொரு புள்ளிக்கும் புதிதாக முடிவு செய்யாதீர்கள். மேலே பார்த்த இலக்கிலேயே அது மாறினால் q1 76° குதிக்கும், q2 172° குதிக்கும். நுனி நகரவே வேண்டாத இடத்தில் கை முழுக்கச் சுழலும். பாதை தொடங்கும் முன் ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை அதையே வைத்துக்கொள்ளுங்கள். தடை எதுவும் இல்லையென்றால் என் தேர்வு முழங்கை மேலே. சுமை பாதி என்பதை இப்போதுதான் பார்த்தோம்.

## எட்டாத புள்ளியை acos-க்குக் கொடுப்பது

இந்தக் கை தோளிலிருந்து 0.05 முதல் 0.55 மீட்டர் வரைதான் எட்டும். அதைவிடத் தொலைவில் c2 1-ஐத் தாண்டும், அதைவிட அருகில் -1-க்குக் கீழே போகும். பைத்தானில் நிரல் பிழை சொல்லி நின்றுவிடும், அது நல்லது. மைக்ரோகன்ட்ரோலரில் C எழுதினால் எண் அல்ல என்று பொருள்படும் `nan` வரும், நிரல் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த `nan` ஒருமுறை இன்டெக்ரலில் கூடிவிட்டால், அடுத்து நல்ல புள்ளி கொடுத்தாலும் இன்டெக்ரல் `nan` ஆகவே இருக்கும். கை செத்ததுபோல் நிற்கும், அல்லது ஒரு பக்கமாகவே ஓடும். போர்டை ரீசெட் செய்தால் சரியாகிவிடுவதால் எல்லோரும் ஒயரைச் சந்தேகிப்பார்கள். c2 1.000001 என்று வந்தால் 1 ஆக்குங்கள். 1.2 என்று வந்தால் இலக்கை ஏற்க மறுங்கள். அதையும் 1 ஆக்கினால் கை வேறு எங்கோ போய் நின்றுகொண்டு வந்துசேர்ந்ததாகச் சொல்லும்.

## பிழையை ±180°-க்குள் மடிப்பது

ஸ்டாப்பர் உள்ள மூட்டில் மடிக்காதீர்கள். குறுக்கு வழி என்று ஸ்டாப்பரில் போய் முட்டும்.

## D-ஐப் பிழையிலிருந்து எடுப்பது

இலக்கு மாறும் நொடியில் கை உதறும். என்கோடர் கோணத்தின் மாற்றத்திலிருந்து எடுங்கள், மைனஸ் குறியோடு.