மெஷின் எந்தத் தேதியிலிருந்து தேய்கிறது? எஸ்ஏபியில் சிடபிள்யூஐபியை முடிக்கும் வழி

போன ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது ஆடிட்டர் ஒரு சிஎன்சி மெஷினின் டிப்ரிசியேஷனைப் பார்த்துவிட்டு, "இது மார்ச் 31 அன்றுதான் தயாரானதா?" என்று கேட்டார். பிப்ரவரி 18 அன்றே சப்ளையரும் நம் புரொடக்‌ஷன் ஆளும் கையெழுத்துப் போட்ட கமிஷனிங் ஷீட் என் ஃபைலிலேயே இருந்தது. நான் பார்க்கவில்லை. அதே தவறு உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். அசெட் மாஸ்டரும் பிஓவும் போடத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் AS01-இல் இரண்டு மாஸ்டர்கள் வேண்டும். ஒன்று, மெஷின் தயாராகும் வரை பணம் சேர்ந்துகொண்டே இருக்கும் ஏயுசி, அதாவது சிடபிள்யூஐபி அசெட். இதற்கு டிப்ரிசியேஷன் கீ 0000, அதாவது தேய்மானம் கிடையாது. மற்றொன்று, கடைசியில் மதிப்பு போய் உட்காரும் நிஜ அசெட். ஒரு மெஷினுக்கு ஒரு ஏயுசி என்பது என் பிடிவாதம். பிளான்ட் முழுவதற்கும் ஒரே ஏயுசி திறந்து எல்லாவற்றையும் கொட்டினால், எந்த கிரேன் வாடகை எந்த மெஷினுக்கு என்று பிறகு எக்செலில் தேட வேண்டியதுதான்.

எங்கள் மெஷினின் கணக்கு, ஜிஎஸ்டி நீங்கலாக, இப்படி: மெஷின் 40,00,000 ரூபாய், லாரியும் கிரேனும் 60,000, ஃபவுண்டேஷன் 1,80,000, இன்ஸ்டலேஷன் 60,000. மொத்தம் 43,00,000. ஆபரேட்டருக்குக் கொடுத்த பயிற்சிச் செலவு இதில் சேராது. அது நேராகச் செலவுக் கணக்குக்குப் போய்விடும்.

அடுத்து AIAB. ஏயுசியைத் திறந்து, வரிகளைத் தேர்ந்தெடுத்து, பெறுபவர் FXA, நிஜ அசெட் எண், 100 சதவீதம் என்று கொடுத்துச் சேமியுங்கள். இதில் ஒன்றும் சிக்கல் வராது.

சிக்கல், செட்டில்மென்ட்டை ஓட்டும் AIBU-வில்தான். அங்கே இரண்டு தேதிகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்:

```
Posting date      31.03.
Asset value date  18.02.
```

முதல் தேதி, பதிவு எந்த மாதக் கணக்கில் விழ வேண்டும் என்பதற்கு. தேய்மானம் எங்கிருந்து தொடங்கும் என்று சொல்வது இரண்டாவது தேதி. நான் இரண்டிலும் மார்ச் 31 என்று அடித்துவிட்டேன். அதனால் என்ன ஆயிற்று? ஷெட்யூல் 2-இன்படி 15 ஆண்டு, 5 சதவீதம் மீதி மதிப்பு என்று வைத்தால் ஆண்டுத் தேய்மானம் 2,72,333 ரூபாய். எங்கள் கீ நாள் கணக்கு. பிப்ரவரி 18 முதல் மார்ச் 31 வரை 42 நாளுக்கு 31,337 வர வேண்டும். என் பதிவில் மார்ச் 31 என்ற ஒரே நாளுக்கான 746 ரூபாய்தான் வந்தது.

ஏன் அப்படிச் செய்தேன் என்றால், ஃபவுண்டேஷன் கான்ட்ராக்டரின் பில் வரட்டும் என்று காத்திருந்தேன். அதற்குத் தேவையே இல்லை. வேலை முடிந்ததும் சைட் இன்ஜினியரிடம் அளவை வாங்கி ML81N-இல் சர்வீஸ் என்ட்ரி போட்டால், பில் வராவிட்டாலும் தொகை ஏயுசியில் ஏறிவிடும். ஆண்டு முடிவில் இது ரொம்ப முக்கியம்: ஏப்ரலில் போடும் பதிவுக்குப் பழைய ஆண்டின் Asset value date கொடுத்தால் எஸ்ஏபி ஏற்காது.

தவறைத் திருத்த, மார்ச் பீரியட் மூடுவதற்குள் AIST-இல் செட்டில்மென்ட்டை ரிவர்ஸ் செய்து, சரியான தேதியோடு AIBU-வை மறுபடி ஓட்டினேன், இம்முறை டெஸ்ட் ரன்னுக்குப் பிறகு. AFAB ஓட்டுமுன் AW01N-இல் நிஜ அசெட்டின் தேய்மானத் தொடக்கத் தேதியை ஒரு முறை பாருங்கள். பிப்ரவரி பாக்கியும் மார்ச் ரன்னிலேயே சேர்ந்து வந்துவிடும்.

பின்சேர்க்கை: "மெஷின் பிப்ரவரியில் தயார், ஆனால் ஆர்டர் வராமல் மார்ச் 12 அன்றுதான் ஓடியது, எந்தத் தேதி?" என்று கமென்ட்டில் ஒருவர் கேட்டார். புத்தகக் கணக்குக்கு பிப்ரவரிதான். இண்ட் ஏஎஸ் 16 கேட்பது, நிர்வாகம் நினைத்தபடி ஓடும் இடத்திலும் நிலையிலும் மெஷின் இருக்கிறதா என்பதை மட்டுமே. சும்மா நின்றாலும் தேய்மானம் உண்டு. வருமான வரிக்கு மட்டும் பயன்பாட்டுக்கு வந்த தேதி வேறு கேள்வி. அந்த ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாக இருந்தால் பாதி விகிதம்தான்.

இன்னொருவர் மெஷினை நிறுத்தி லெவல் பார்த்தாயிற்று, ஆனால் ஹெச்டி கரன்ட் இணைப்பு வரவில்லை என்றார். கரன்ட் இல்லாமல் டிரையலே எடுக்க முடியாதே! அது ஏயுசியிலேயே இருக்கட்டும். இணைப்பு வந்து டிரையல் பீஸ் பாஸான நாளின் ஷீட்டை வாங்கி, அந்தத் தேதியைப் போடுங்கள்.